குவாலிஃபை பண்ண வேண்டியதை எம்பசிஸ் ஆஃப் மேட்டரில் போடுவது

"சார், குவாலிஃபை பண்ணிடாதீங்க, ஒரு எம்பசிஸ் ஆஃப் மேட்டர் போட்டு விட்டுடுங்க." செப்டம்பர் கடைசியில் இந்தப் பேச்சைக் கேட்காத ஆடிட்டர் குறைவு. கணக்கில் தவறு அல்லது சான்றுக் குறைவு இருக்கிறது என்று கருத்திலேயே எழுதாமல், கணக்கின் ஒரு குறிப்பைச் சுட்டிக்காட்டும் பத்தியோடு விடச் சொல்கிறார்கள் கிளையண்ட்கள். அவர்கள் கேட்பதிலும் காரணம் இருக்கிறது. குவாலிஃபிகேஷன் வந்தால் கம்பெனிச் சட்டம் 134-ஆம் பிரிவின்படி இயக்குநர்கள் தங்கள் அறிக்கையில் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். வங்கியும் கேள்வி கேட்கும்.

ஒரு நூல் மில் என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 2 கோடி. நூல் வாங்கியவர் ஒருவர் 1.40 கோடி பாக்கி வைத்திருக்கிறார்; அவர் கம்பெனி லிக்விடேஷனில் இருக்கிறது. மில்லின் கையில் அடமானமும் இல்லை, கேரண்டியும் இல்லை. மார்ச் 31-க்குப் பிறகும் ஒரு ரூபாய் வரவில்லை. ஆனால் கணக்கோடு வரும் குறிப்பு 27, "வசூலாகும் என்று நிர்வாகம் நம்புகிறது" என்கிறது. ஆடிட்டர் அந்தக் குறிப்பைச் சுட்டிக்காட்டி, "இதனால் எங்கள் கருத்து மாறவில்லை" என்று முடிக்கிறார்.

இதுதான் தவறு. தணிக்கைத் தரநிலையான எஸ்ஏ 706 சொல்லும் முதல் நிபந்தனையே, அந்த விஷயம் கணக்கில் சரியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும், அதற்குப் போதிய சான்றும் ஆடிட்டரிடம் இருக்க வேண்டும் என்பது. இங்கே ஒதுக்கீடே செய்யவில்லை; எண்ணே தப்பு. எஸ்ஏ 705-இன்படி குவாலிஃபைடு கருத்து கொடுத்து, வரிக்கு முந்தைய லாபமும் வரவேண்டிய பாக்கியும் 1.40 கோடி கூடுதலாகக் காட்டப்பட்டுள்ளன என்று அதன் அடிப்படைப் பத்தியில் தொகையோடு எழுத வேண்டும். ஒருவேளை லிக்விடேட்டரிடமிருந்து எவ்வளவு வரும் என்று பார்க்க எந்தக் காகிதமும் கிடைக்கவில்லையா? அப்போது அது சான்றுக் குறைவு. அதற்கும் எம்பசிஸ் மருந்தல்ல.

சரி, எப்போது போடலாம்? அதே மில்லில் ஏப்ரல் 20 அன்று பஞ்சு கோடவுன் எரிந்துபோனது என்றால், மார்ச் 31 எண்கள் எதுவும் மாறாது. நஷ்டத்தை மில் குறிப்பில் முழுதாகச் சொல்லிவிட்டது, ஆனால் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இதற்குத்தான் எம்பசிஸ். அந்தக் குறிப்பை எழுத மில் மறுத்தால் மறுபடியும் குவாலிஃபிகேஷன்தான். குறிப்பில் இல்லாததை எம்பசிஸ் பத்தியில் ஆடிட்டரே எழுதி ஈடுகட்ட முடியாது.

பழைய அறிக்கையை காப்பி அடிப்பவர்கள் இன்னொன்றில் சறுக்குகிறார்கள். நிறுவனம் தொடர்ந்து நடக்குமா என்ற கோயிங் கன்சர்ன் சந்தேகத்தை முன்பு எம்பசிஸில் எழுதுவோம். இப்போது எஸ்ஏ 570-இன்படி அது தனித் தலைப்பில் வர வேண்டும்.

அறிக்கையில் வரும் அதர் மேட்டர் பத்தி வேறு ரகம். கணக்கில் இடம்பெறாத, தணிக்கையைப் புரிந்துகொள்ள உதவும் செய்திக்கு உரியது அது. சென்ற ஆண்டுக் கணக்கை வேறு ஆடிட்டர் தணிக்கை செய்தார் என்பது போல. "கிளையின் சரக்கை நாங்கள் நேரில் எண்ணவில்லை" என்று அங்கே எழுதிவிட்டுச் சுத்தமான கருத்தைக் கொடுப்பவர்களும் உண்டு. வேறு வழியில் சரக்கைச் சரிபார்த்திருந்தால் அந்த வரியே தேவையில்லை. சரிபார்க்காமல், சரக்கின் மதிப்பும் பெரிதாக இருந்தால் அது குவாலிஃபிகேஷனில் போக வேண்டிய வரி.