தவணை 4,801 ரூபாய், படிவத்தில் 9,602 ரூபாய்: ஆட்டோ டெபிட் படிவத்தைக் கட்டம் கட்டமாகப் படிப்போம்

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, புதிய மெஷின் வாங்க முதன்முறையாகக் கடன் எடுத்தார். ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 14 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களில் ஒன்று மட்டும் அவரை உறுத்தியிருக்கிறது. "மாசம் 4,801 ரூபாதான்னு சொன்னாங்க தம்பி. இந்தத் தாள்ல 9,602ன்னு போட்டிருக்கு. ரெண்டு மடங்கா எடுத்துக்குவாங்களா?" என்று படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தாளின் பெயர் நாச் மேண்டேட். நம் வங்கிக் கணக்கிலிருந்து தவணைப் பணத்தை எடுத்துக்கொள்ளக் கடன் கொடுத்தவருக்கு நாம் எழுதிக்கொடுக்கும் அனுமதி அது. படிவத்தில் `NACH` என்று அச்சிட்டிருக்கும். இந்தியாவில் இந்த ஏற்பாட்டை நடத்துவது என்.பி.சி.ஐ. என்ற தேசியக் கொடுப்பனவுக் கழகம். எந்த நிறுவனத்தில் கடன் வாங்கினாலும் படிவத்தின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அச்சு ஆங்கிலத்தில் இருப்பதால், நீங்கள் கண்ணால் தேட வேண்டிய சொற்களை அப்படியே தருகிறேன். படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. மேல் பகுதி

முதல் வரியில் `UMRN` என்று ஒரு நீளக் கட்டம் இருக்கும். அதை நிரப்ப வேண்டாம். அனுமதி பதிவான பிறகு கிடைக்கும் எண் அது. பின்னாளில் ரத்து செய்யவோ புகார் கொடுக்கவோ இந்த எண்ணைக் கேட்பார்கள் என்பதால், கிடைத்ததும் பாஸ்புக்கின் உள்ளட்டையில் எழுதிவையுங்கள்.

பக்கத்தில் `CREATE`, `MODIFY`, `CANCEL` என்று மூன்று சொற்கள் இருக்கும். புதிய கடன் என்றால் முதலாவதில் மட்டும் டிக் இருக்க வேண்டும். ஸ்பான்சர் பேங்க் கோடு, யுடிலிட்டி கோடு ஆகிய கட்டங்கள் கடன் கொடுப்பவர் நிரப்புவதற்கு உரியவை.

அடுத்து, "எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரியும் அதையொட்டி ஒரு பெயரும் வரும். அந்தப் பெயர் உங்கள் கடன் ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனத்தின் பெயராக இருக்கிறதா என்று பாருங்கள். ஆப் மூலம் கடன் எடுத்தால் ஆப்பின் பெயர் ஒன்றாகவும் உண்மையில் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருப்பதுண்டு. பெயர் பொருந்தாவிட்டால் விளக்கம் கேட்டுவிட்டு மேலே போகலாம்.

2. உங்கள் கணக்கு விவரம்

கணக்கு வகையில் பெரும்பாலானோருக்கு `SB`, அதாவது சேமிப்புக் கணக்கு. கணக்கு எண்ணையும் `IFSC` குறியீட்டையும் நினைவிலிருந்து எழுதாமல் பாஸ்புக்கைப் பார்த்து எழுதுங்கள். ஓர் இலக்கம் தவறினால் அதன் மேலேயே திருத்தி எழுத வேண்டாம். அடித்தல் திருத்தல் உள்ள படிவம் திரும்பி வர வாய்ப்பு அதிகம். புதுப் படிவம் கேட்டு வாங்கி எழுதுங்கள்.

3. தொகைக் கட்டம்

அக்காவின் கேள்விக்கு விடை இங்கேதான். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருப்பார்கள். அந்தத் தொகைக்கு என்ன அர்த்தம் என்பதை வேறொரு கட்டம் தீர்மானிக்கிறது. அதன் பெயர் `DEBIT TYPE`. அதில் இரண்டு தேர்வுகள்.

`Fixed Amount` என்பதில் டிக் இருந்தால், எழுதியிருக்கும் தொகை எவ்வளவோ அதையே ஒவ்வொரு முறையும் எடுக்கலாம். கூட்டவோ குறைக்கவோ முடியாது.

`Maximum Amount` என்பதில் டிக் இருந்தால், எழுதியிருப்பது உச்சவரம்பு. ஒரு முறை எடுக்கும்போது அதற்கு மேல் போகக் கூடாது, அதற்குள் எவ்வளவும் எடுக்கலாம்.

அக்காவின் படிவத்தில் இரண்டாவதில்தான் டிக் இருந்தது. 9,602 என்பது 4,801ஐப் போல் சரியாக இரண்டு மடங்கு. தவணையை விடக் கூடுதலாக உச்சவரம்பு வைப்பது கடன் நிறுவனங்களின் வழக்கம். ஒரு மாதத் தவணை தவறினால் அடுத்த மாதம் இரண்டையும் சேர்த்து எடுக்க இடம் வேண்டும், மாறும் வட்டிக் கடனில் வட்டி ஏறித் தவணை கூடினால் புதுப் படிவம் வாங்காமல் சமாளிக்க வேண்டும் என்பவை அதற்கான காரணங்கள்.

அப்படியானால் மாதாமாதம் 9,602 எடுத்துவிட முடியுமா? வங்கியைப் பொறுத்தவரை அந்த வரம்புக்குள் கேட்டால் கொடுத்துவிடும். உங்கள் தவணை எவ்வளவு என்பது வங்கிக்குத் தெரியாது. எவ்வளவு எடுக்க உரிமை உண்டு என்பதைச் சொல்வது கடன் ஒப்பந்தமும் தவணை அட்டவணையும்தான். அட்டவணையில் 4,801 இருக்க, பாக்கி எதுவும் இல்லாதபோது 5,500 எடுத்தால், படிவத்தின்படி அது வரம்புக்குள் இருந்தாலும் ஒப்பந்தத்தின்படி தவறு. கூடுதலாக எடுத்த 699 ரூபாய்க்கு நீங்கள் கணக்குக் கேட்கலாம்.

ஆகவே இந்தக் கட்டத்தைத் தனியாகப் படித்துப் பயனில்லை. கடனுடன் தரப்படும் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் இதைக் கொடுத்தாக வேண்டும், அதுவும் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தமிழில் தாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். தவணைத் தொகையும் கட்டண விவரமும் அதில் இருக்கும்.

உச்சவரம்பு தவணையைப் போல் ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று இருந்தால் நான் கையெழுத்துப் போடமாட்டேன். குறைத்து எழுதித் தரச் சொல்வேன். தொகைக் கட்டம் வெறுமையாக இருந்தால் கட்டாயம் போடமாட்டேன். "ஆபீஸ்ல நிரப்பிக்குவோம், நீங்க சைன் மட்டும் போடுங்க" என்று சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தாள் அவர் கையோடு நிற்பதில்லை.

4. எத்தனை முறை, எந்தத் தேதி வரை

`FREQUENCY` என்ற இடத்தில் மாதம் ஒரு முறை என்பதற்கு `Mthly` என்றிருக்கும். சில படிவங்களில் `As & when presented` என்பதில் டிக் அடித்திருப்பார்கள். எப்போது கேட்டாலும் கொடு என்று அதற்குப் பொருள். மாதத் தவணைக் கடனுக்கு முதலாவதே போதும் என்பது என் கருத்து. நிறுவனம் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஒரே மாதத்தில் இரண்டு முறை பணம் போகிறதா என்று கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கும்.

`From`, `To` என்பவை தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும். அக்காவின் முதல் தவணை 2026 ஏப்ரல் 5, கடைசித் தவணை 2028 மார்ச் 5. படிவத்திலோ 2030 மார்ச் 5 வரை என்றிருந்தது. தவணை தள்ளிப்போனால் வசூலிக்கக் கொஞ்சம் அவகாசம் வைத்துக்கொள்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் கடன் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் அந்த அனுமதி உயிரோடு இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. முடிவுத் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் எழுதச் சொல்லுங்கள்.

5. கையெழுத்து

இந்தப் படிவங்கள் திரும்பி வருவதற்குப் பழக்கமான காரணம் கையெழுத்து வேறுபாடு. வங்கியில் கணக்குத் திறந்தபோது தமிழில் போட்டிருந்தால் இங்கும் தமிழில்தான் போட வேண்டும். பத்து ஆண்டுக்கு முந்தைய கையெழுத்து மறந்துவிட்டது என்றால், முதலில் வங்கிக்குப் போய்ப் புதுக் கையெழுத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள். கூட்டுக் கணக்கில் இருவரும் சேர்ந்தே இயக்க வேண்டும் என்றிருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். யாராவது ஒருவர் இயக்கலாம் என்றிருந்தால் ஒருவர் போதும்.

கையெழுத்திட்டதும் படிவத்தை முழுதாகத் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காகிதம் இல்லாமல் போனிலேயே இதைச் செய்தால், டெபிட் கார்டோ நெட் பேங்கிங்கோ ஆதாரோ கொண்டு ஒப்புதல் கேட்பார்கள். அங்கே ஓ.டி.பி.தான் உங்கள் கையெழுத்து. எண்ணைத் தட்டுவதற்கு முன் திரையில் இதே தொகை, வகை, முடிவுத் தேதி மூன்றையும் படியுங்கள். போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்பவரிடம் சொல்லவே கூடாது.

6. தவணை நாளில்

5ஆம் தேதி தவணை என்றால் 4ஆம் தேதி மாலையே பணம் கணக்கில் இருக்கட்டும். 5ஆம் தேதி மதியம் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தால், காலையிலேயே கேட்டுப் பணம் இல்லை என்று திரும்பியிருக்கலாம். ஞாயிறு, விடுமுறை என்றும் நம்பியிருக்க வேண்டாம். 2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் எல்லா நாளும் இயங்குகிறது.

பணம் இல்லாமல் திரும்பினால் உங்கள் வங்கி ஒரு கட்டணமும் கடன் நிறுவனம் ஒரு கட்டணமும் போடலாம். மறுபடி கேட்டு மறுபடி திரும்பினால் மறுபடியும் கட்டணம் ஏறலாம். செக் திரும்புவதைப் போலவே இதற்கும் சட்ட நடவடிக்கைக்கு இடமுண்டு, 2007ஆம் ஆண்டுக் கொடுப்பனவுச் சட்டத்தின் 25ஆம் பிரிவில். அதனால் ஒரு மாதம் கை இறுக்கம் என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே நிறுவனத்திடம் பேசுங்கள். திரும்பிய பிறகு ஆப் வழியாகவோ நேரிலோ தவணையைக் கட்டினால் ரசீது வாங்கிக்கொண்டு, "இந்த மாதத்துக்கு மறுபடி கணக்கில் கேட்காதீர்கள்" என்று எழுத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே தவணை இரண்டு முறை போகலாம்.

பாஸ்புக்கில் இந்த வரிகளை `ACH` அல்லது `NACH` என்ற எழுத்துகளைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். தொகை தவணையோடு ஒத்துப்போகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். கூடுதலாகப் போயிருந்தால் கடன் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

7. நிறுத்துவது

அனுமதியை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. கடன் நிறுவனத்திடமோ உங்கள் வங்கியிடமோ கேட்கலாம் என்று படிவத்தின் உறுதிமொழியிலேயே எழுதியிருக்கும். ஆனால் கடன் பாக்கி இருக்கும்போது அனுமதியை மட்டும் ரத்து செய்தால் கடன் குறையாது. வேறு வழியில் கட்டித்தான் ஆக வேண்டும்.

கடைசித் தவணை கட்டியதும் பாக்கி இல்லாச் சான்றிதழ் வாங்குங்கள். அன்றே `UMRN` எண்ணைக் குறிப்பிட்டு ரத்துக்கும் எழுதிக்கொடுங்கள்.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டார், 9,602 என்ற வரம்போடுதான். முடிவுத் தேதியைக் குறைக்க நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. கடை நாள்காட்டிக்குப் பின்னால் "2028 மார்ச் 5, ரத்துக்கு எழுதணும்" என்று ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறார். அதன் கீழே `UMRN` எண்ணையும் குறித்திருக்கிறார்.