நீர்மோர்க் கடை: முதல் நாள் கணக்கும் ஐஸும்

கோடையில் இளநீர், கரும்புச்சாறு, மோர் மூன்றில் எதைத் தொடங்கலாம் என்றால், புதியவர்களுக்கு நான் மோரைத்தான் சொல்வேன். இயந்திரம் வேண்டாம், முதலும் குறைவு. லாபம் நிற்பதும் போவதும் பெரும்பாலும் ஐஸில்தான்.

முந்தின இரவு 4 லிட்டர் பாலைக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்றுங்கள். கோடையில் சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்த உடனே ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால் விற்கும் முன்பே புளித்துப்போகும்.

காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லியை அரைத்து, பெருங்காயமும் உப்பும் சேர்த்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு குடிநீர் என்று கடைந்தால் 16 லிட்டர் மோர் கிடைக்கும். மொத்தத்தையும் ஒரே நேரத்தில் கடைய வேண்டாம். பாதியைக் கடை திறக்கும்போதும், மீதியை மதியமும் கடையுங்கள்.

இப்போது ஐஸ். 16 லிட்டர் மோரை 32 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 5 கிலோ ஐஸ் உருக வேண்டும். அதை மோருக்குள்ளேயே போட்டால் 5 லிட்டர் தண்ணீர் கூடிவிடும். மூன்று பங்கு நீர் நான்கு பங்கைத் தாண்டும், ருசியும் போய்விடும். அதனால் மோர் இருக்கும் எவர்சில்வர் கேனை ஒரு பெரிய தெர்மோகோல் பெட்டியில் இறக்கி, சுற்றிலும் ஐஸை நிரப்புங்கள். வெயிலில் வீணாவதையும் சேர்த்து 10 கிலோ வாங்குங்கள். பெட்டியின் மேல் கோணிச் சாக்கைப் போட்டு நிழலில் வையுங்கள். உருகிய தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும், கேனுக்குள் போகாத வரை அவசரப்பட்டு வடிக்க வேண்டாம்.

ஐஸ் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். சாப்பிடக் கூடாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டும் என்பது 2018 முதல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆனால் நிறமில்லாத ஐஸெல்லாம் நல்ல தண்ணீரில் செய்தது என்றும் சொல்ல முடியாது. டம்ளரில் போட ஐஸ் கேட்பவர்களுக்கு, வீட்டிலேயே காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை உறைய வைத்துக் கொண்டுபோங்கள்.

சரி, கணக்கு. இவை மாதிரி விலைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்: பால் 240 ரூபாய், மசாலா 60, குடிநீர் கேன் 40, ஐஸ் 50, காகித டம்ளர் 75, வண்டியும் இடமும் 150. மொத்தம் 615. 200 மில்லி வீதம் 80 டம்ளர் வரும். சிந்தியது போக 75 என்று வையுங்கள். 15 ரூபாய்க்கு விற்றால் 41 டம்ளரில் செலவு திரும்பிவிடும். மீதி 34 டம்ளரில் வரும் 510 ரூபாய்தான் உங்கள் கூலி. மழை வந்து 50 டம்ளரோடு நின்றால் கையில் 135 ரூபாய்தான் மிஞ்சும்.

மதியம் பாதி கடைந்தது இதற்கும் உதவும். நின்ற மோரில் நீர் தனியே பிரிவது இயல்பு, கலக்கிவிட்டால் சேர்ந்துவிடும். ஆனால் வாடை மாறி, நாக்கைச் சுள்ளென்று பிடித்தால் கொட்டிவிடுங்கள். மிஞ்சிய மோரை மறுநாளுக்கு வைக்க வேண்டாம். கடையாத தயிர் நாள் முழுக்கக் குளிரிலேயே இருந்திருந்தால் மட்டும் மறுநாள் காலைக் கடைசலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.