கல்விக் கடன் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லி லெட்டர் எழுதுறப்ப பண்ற தப்புகள்

போன வாரம் எங்க காலேஜ் ஜூனியர் பொண்ணு ஒண்ணு, "அண்ணா இத கொஞ்சம் பாத்துட்டு சொல்லுங்க, நாளைக்கு பேங்க்ல குடுக்கணும்"னு ரெண்டு பக்க லெட்டர் அனுப்பிச்சு. படிச்சதும் எனக்கு தலையில அடிச்சுக்கணும் போல இருந்துச்சு, ஏன்னா பல வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின லெட்டரும் அச்சு அசலா இதேதான், "கருணை கூர்ந்து"ங்கற வார்த்தை மட்டும் நாலு எடத்துல.

ஸ்பெல்லிங், மேனேஜர் பேரு, தேதி போடுறது, இதெல்லாம் நான் சொல்லப் போறதில்ல.

மனு எழுதுறது

இதுதான் பெரிய தப்பு, எனக்கு இன்னும் எரிச்சல் போகாத தப்பு.

கல்விக் கடன்ல பொதுவா படிப்பு காலம் முழுக்க, அதுக்கப்புறம் ஒரு வருஷம், தவணை கட்ட வேண்டாம். இதுக்குப் பேருதான் மாரடோரியம். ஆனா அந்த "படிப்பு காலம்" எப்ப முடியுதுன்னு பேங்க்குக்கு எப்படித் தெரியும்? கடன் சாங்ஷன் ஆனப்பவே ஒரு தேதி போட்டு வச்சிருப்பாங்க. உங்க ரிசல்ட் வந்துச்சா வரலையான்னு சிஸ்டத்துக்கு கவலை இல்ல, அந்த தேதியிலருந்து ஒரு வருஷம் எண்ணி தவணையை ஆரம்பிச்சிரும். உங்க லெட்டரோட வேலை மேனேஜர் மனசை உருக்குறது இல்ல, அந்த ஒரு தேதியை மாத்துறதுக்கு அவர் கையில ஒரு காரணமும் ஒரு காகிதமும் குடுக்குறது. அவ்ளோதான்.

நான் என்ன எழுதினேன்னா, வேலை கிடைக்கல, அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, தங்கச்சி படிக்குது, ஆறு மாசம் டைம் குடுங்கன்னு. ரிசல்ட் லேட்டானது மூணாவது பாராவுல ஒரு வரி. படிச்ச ஆபீசருக்கு அது "கட்ட முடியல"ன்னு சொல்ற லெட்டராதான் தெரிஞ்சிருக்கு. கட்ட முடியலன்னு கேக்குறது வேற விஷயம், அது கடனை மாத்தி அமைக்கிற கதை, அதுக்கு ஃபைலே தனி. படிப்பு முடியுறது தள்ளிப்போச்சுன்னு கேக்குறது ஸ்கீம்லயே இருக்கற வழி. பேங்க்குங்க எடுத்துக்கிட்டிருக்கற மாதிரித் திட்டத்துல, படிப்பு சொன்ன காலத்துல முடியலன்னா ரெண்டு வருஷம் வரைக்கும் நீட்டிக்க இடம் இருக்கு, நம்ம கையை மீறின காரணம்னா கடன் குடுத்த அதிகாரி பாத்து இன்னும் குடுக்கலாம். இது எனக்குத் தெரியாது, அவரும் சொல்லல. லெட்டர் ஃபைல்ல போயிருச்சு, தவணை ஆரம்பிச்சிருச்சு, அக்கவுண்ட்ல காசில்லாம ஒவ்வொரு மாசமும் திரும்பிருச்சு. 90 நாள் தாண்டினா கணக்கு வாராக்கடன். அது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, அப்பா பயிர்க்கடன் புதுப்பிக்கப் போனப்ப, "உங்க பையன் கணக்கு என்.பி.ஏ. ஆயிருக்கே, நீங்கதானே கூட கையெழுத்து போட்டிருக்கீங்க"ன்னு கேட்டு அனுப்பிட்டாங்க. அந்த வருஷம் விதைப்புக்கு வட்டிக்குதான் வாங்கினார். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் இன்னும் உறுத்துது.

ஜூனியர் பொண்ணோட கதைக்கு வர்றேன். இன்ஜினியரிங், 2021ல சேர்ந்துச்சு. சாங்ஷன் லெட்டர்ல படிப்பு முடியுற தேதி 31.05.2025, அப்போ தவணை ஜூன் 2026ல ஆரம்பிக்கணும். எட்டாவது செமஸ்டர் ரிசல்ட்டை நிறுத்தி வச்சு டிசம்பர்லதான் விட்டாங்க. ரெண்டு பக்கத்தையும் தூக்கிப் போட்டுட்டு நாங்க எழுதினது இவ்ளோதான்:

> பொருள்: கல்விக் கடன் – படிப்பு முடியும் தேதியைத் திருத்தி, தவணை தொடங்கும் தேதியை மாற்றக் கோருதல்.
>
> அனுமதிக் கடிதத்தில் என் படிப்பு முடியும் தேதி 31.05.2025 என உள்ளது. எட்டாம் செமஸ்டர் தேர்வு முடிவு 18.12.2025 அன்றுதான் வெளியானது. கல்லூரி முதல்வரின் சான்று இணைத்துள்ளேன். எனவே படிப்பு முடிந்த தேதியை 31.12.2025 எனக் கொண்டு, அதிலிருந்து ஓராண்டு கணக்கிட்டு, முதல் தவணையை ஜனவரி 2027 முதல் வசூலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கீழ கடன் கணக்கு நம்பர், பொண்ணு கையெழுத்து, அப்பா கையெழுத்து. தங்கச்சி, அப்பா உடம்பு, எதுவும் இல்ல.

"ரிசல்ட் வர்ற வரைக்கும்"னு எழுதுறது

தேதி கேக்குற எடத்துல "வர்ற வரைக்கும்"னு டைப் பண்ண முடியாது. ரிசல்ட் இன்னும் வரலன்னாலும் ஒரு மாசத்தைக் குறிச்சுக் கேளுங்க, அதுக்குள்ள வரலன்னா திரும்ப ஒரு லெட்டர் குடுக்குறேன்னு ஒரு வரி சேர்த்துக்கோங்க.

வெறும் போனஃபைட் வைக்கிறது

காலேஜ் ஆபீஸ்ல கேட்டா வழக்கமா அடிச்சுக் குடுக்குற சர்ட்டிஃபிகேட்ல "இவர் இங்க படித்தார்"னு மட்டும் இருக்கும், அது இதுக்கு உதவாது. மூணு விஷயம் அதுல வேணும்: முடிஞ்சிருக்க வேண்டிய தேதி, உண்மையில முடிஞ்ச தேதி, லேட்டானதுக்குக் காரணம். அந்தப் பொண்ணு மூணு நாள் அலைஞ்சுச்சு, கிளார்க் பழைய ஃபார்மேட்லயே ரெண்டு தடவை குடுத்துட்டார், கடைசில நாமளே வாசகத்தை எழுதி எடுத்துட்டுப் போனப்பதான் லெட்டர்ஹெட்ல வந்துச்சு. அரியர்னாலதான் லேட்டுன்னா அதையே எழுதுங்க. யூனிவர்சிட்டி மேல பழியைப் போட்டு, மார்க் ஷீட்ல வேற மாதிரி இருந்துச்சுன்னா அவ்ளோதான்.

தவணை ஆரம்பிச்சப்புறம் போறது

போகாதீங்க. ரெண்டு மூணு மாசம் முன்னாடியே போங்க, பிராஞ்ச்ல முடிவு பண்ணாம ரீஜினல் ஆபீஸுக்கு அனுப்பிட்டா நாள் ஆகும்.

சீல் வாங்காம வர்றது

ரெண்டு காப்பி. ஒண்ணுல சீல், தேதி, கையெழுத்து. "வச்சுட்டுப் போங்க, பாத்துக்கறோம்"னு சொன்னா சிரிச்சுக்கிட்டே நின்னு வாங்குங்க. பதில் வரலன்னா பேங்க்ல எழுத்துல புகார், 30 நாள் ஆகியும் ஒண்ணும் இல்லன்னா cms.rbi.org.inல ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம், அங்க உங்க கையில இருக்கற அந்த சீல் வச்ச காப்பிதான் பேசும்.

வட்டியும் நிக்கும்னு நெனைக்கிறது

நிக்காது. தவணைதான் தள்ளிப்போகுது, வட்டி ஓடிட்டேதான் இருக்கும். கணக்கு சுலபமா இருக்கட்டும்னு வச்சுக்கோங்க, 4 லட்சம் கடன், 10 சதவீதம் தனி வட்டி. மாசத்துக்கு 3,333 ரூபா. ஏழு மாசம் நீட்டிச்சா 23,333. கட்டலன்னா தவணை ஆரம்பிக்கறப்ப அது அசலோட சேர்ந்துரும், அதுக்கப்புறம் அதுக்கும் வட்டி. வட்டி மானியம் வாங்குறவங்க நீட்டிச்ச மாசத்துக்கும் மானியம் வரும்னு தானா முடிவு பண்ணிக்காதீங்க, பிராஞ்ச்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

வாயால "ஆச்சு"ன்னு சொன்னதும் நம்புறது

புது தவணை அட்டவணையை பிரிண்ட் கேளுங்க. முதல் தவணை தேதி அதுல மாறியிருக்கணும். அக்கவுண்ட்லருந்து தானா பணம் எடுக்க முன்னாடி குடுத்த உத்தரவுல பழைய தேதி இருந்தா அதையும் மாத்தச் சொல்லுங்க.

நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு அட்டவணை போட்டோ அனுப்பிச்சு. முதல் தவணை ஜனவரி 2027. கீழ ஒரு மெசேஜ்: "அண்ணா, ஓடுற வட்டில பாதியாவது இப்பவே மாசாமாசம் கட்டட்டுமா?" கட்டும்மா, கடன் கணக்கு நம்பர்லயே கட்டு, ரசீதை எடுத்து வையின்னு பதில் போட்டேன்.