காற்றிரைச்சலும் கரண்ட் ‘ஹம்’மும் போகணும், குரலின் கனம் போகக்கூடாது

ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் போய் வெட்டவெளியில் ஒலிப்பதிவு செய்வது புத்திசாலித்தனம் இல்லை. தெரிந்தேதான் போனேன். கிணறு வெட்டின காலத்துக் கதையைத் தாத்தா அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்துதான் சொல்வேன் என்றார். மைக்கை லேப்டாப்பில் மாட்டி, சார்ஜ் போதாது என்று பம்ப்செட் ரூமிலிருந்து ஒயர் இழுத்து சார்ஜரையும் சொருகினேன். வீட்டுக்கு வந்து கேட்டால் பாதி நேரம் ‘புடுபுடு’ என்று காற்று, அதற்கடியில் விடாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரு ஹம்.

அவசரமாகச் சுத்தம் செய்து அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். “என்னடா, தாத்தா போன்ல பேசுற மாதிரி இருக்கு?” என்றார். மிகச் சரியான கண்டுபிடிப்பு. பழைய தொலைபேசி சுமார் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் கடத்தாது. நானும் தெரியாமல் அதே வேலையைத்தான் செய்திருந்தேன். இரண்டாம் தடவை எப்படிச் செய்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். மென்பொருள் ஆடாசிட்டி, இலவசம்.

முதலில் ஹெட்போன். போன் ஸ்பீக்கரிலும் லேப்டாப் ஸ்பீக்கரிலும் அடித்தொனி சரியாகக் கேட்காது. எதை வெட்டுகிறோம் என்றே தெரியாமல் வெட்டுவோம். அடுத்து, டிராக்கைத் தேர்ந்தெடுத்து `Ctrl+D` அழுத்தி ஒரு நகல் எடுத்து, மூலத்தை மியூட் செய்து வையுங்கள். கடைசியில் ஒப்பிட அது வேண்டும்.

ஹம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பேசாத, காற்றும் அடங்கின ஒரு இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து `Analyze > Plot Spectrum` திறக்கவும். `Size` என்ற இடத்தில் 16384 வையுங்கள். சின்ன எண்ணாக இருந்தால் படம் மழுங்கி, பக்கத்துப் பக்கத்து முனைகள் ஒன்றாகிவிடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் அதே. கனடாவில் பதிவு செய்தவர்கள் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பதிவில் 50, 100, 150 மூன்றிலும் ஊசி மாதிரி முனைகள் நின்றன. 200இல் ஒன்றுமில்லை, 250இல் சின்னதாக ஒன்று. இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முனை இல்லாத இடத்தில் கை வைக்க வேண்டாம்.

இனி, நகல் டிராக் முழுவதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு `Notch Filter`. நான் சொதப்பின இடம் இதுதான். `Effect > EQ and Filters` உள்ளே இருக்கும். ஒரே ஓர் அலைவரிசையைக் குடைந்தெடுக்கும் கருவி. அதில் இரண்டு கட்டங்கள்: அலைவரிசை, `Q`. கருவி தானாக வைத்திருக்கும் `Q` மதிப்பு 1. முதல் தடவை அதை மாற்றாமல் விட்டேன்.

`Q` என்பது குழியின் அகலத்தைச் சொல்கிறது. அலைவரிசையை `Q`வால் வகுத்தால் வருவது ஏறக்குறைய அந்த அகலம். 100 ஹெர்ட்ஸில் `Q` 1 என்றால் குழி 100 ஹெர்ட்ஸ் அகலம், கிட்டத்தட்ட 62இலிருந்து 162 வரை. ஆண் குரலின் அடித்தொனி பெரும்பாலும் 85இலிருந்து 155க்குள் இருக்கும். ஹம்மோடு சேர்த்துத் தாத்தாவின் நெஞ்சையும் தோண்டி எடுத்திருக்கிறேன்!

`Q` 30 வைத்தால் அதே 100இல் குழி மூன்று ஹெர்ட்ஸ் சொச்சம்தான். பேசும்போது குரல் ஒரே சுருதியில் நிற்காது, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த மூன்று ஹெர்ட்ஸ் குழியை ஒரு நொடிக்குள் தாண்டிப் போய்விடும், காதுக்குத் தெரியாது. ஹம் நகராமல் அதே இடத்தில் நிற்பதால் அது மட்டும் விழும். ஆகவே 50, 100, 150, 250 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, நான்கு தடவை, `Q` 30 வைத்து `Apply` கொடுத்தேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். மோட்டார் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால் அதன் சத்தம் காற்று வழியாகவே மைக்குக்குள் வரும். அது ஒயர் வழி வரும் ஹம் இல்லை. சுற்றும் வேகம் லேசாக மாறுவதால் முனை கூர்மையாக இருக்காது, மேடு மாதிரி தெரியும். அதை இந்தக் கருவியால் பிடிக்க முடியாது.

அடுத்து காற்று. மைக்கில் காற்று மோதிச் சுழல்வதால் வரும் சத்தம் இது. இதன் பெரும்பங்கு குரலுக்குக் கீழே, அடிமட்டத்தில் கிடக்கிறது. `High-Pass Filter` எடுத்து 75 ஹெர்ட்ஸ், `Roll-off` 24 dB வைத்தேன். பேசுபவர் பெண் என்றால் 120 வரைகூட ஏற்றலாம், பொதுவாக அவர்கள் அடித்தொனி 165க்கு மேலேதான். முழு டிராக்குக்கும் இவ்வளவு போதும். இன்னும் கொஞ்சம் காற்று கேட்கிறதே என்று 200க்கு ஏற்றினீர்களோ, மறுபடி போன் குரல்தான்.

மிச்சம் இருப்பவை ஓங்கி அடித்த வீச்சுகள். அவை 200, 300 வரைகூட ஏறும். அதற்காக முழுப் பதிவையும் தண்டிக்க வேண்டாம். வீச்சு விழுந்த அரை விநாடி, ஒரு விநாடியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதே கருவியை 150 ஹெர்ட்ஸ், 12 dB வைத்துப் போடுங்கள். தேர்வின் இரு முனைகளும் இரண்டு சொற்களுக்கு நடுவே விழட்டும், இல்லையென்றால் ஒட்டுப்போட்டது தெரியும். அந்த ஒரு விநாடி குரல் கொஞ்சம் மெலிவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 26 நிமிடப் பதிவில் எனக்கு இப்படிப் பதினான்கு இடம் வந்தது. பொறுமையான வேலைதான்.

`Noise Reduction` வேண்டுமா? காற்றுக்கு வேண்டாம். அது ஒரு சத்தத்தின் மாதிரியை எடுத்துக்கொண்டு, அதே சத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பி வேலை செய்கிறது. காற்று விநாடிக்கு விநாடி மாறும். பின்னணியில் நிலையாக ஒரு ‘ஸ்ஸ்’ மிஞ்சினால் மட்டும், அமைதியான இடத்தில் மாதிரி எடுத்து 6 dB குறையுங்கள். `OK` கொடுக்கும் முன் `Residue` என்பதைத் தேர்ந்தெடுத்து `Preview` கேளுங்கள். எடுத்து வீசப்போகும் சத்தம் மட்டும் கேட்கும். அதில் தாத்தாவின் வார்த்தை புரிந்தால் அளவு மீறிவிட்டீர்கள். கேட்டு முடித்ததும் மறக்காமல் `Reduce`க்கு மாற்றிவிட்டு `OK` கொடுங்கள்.

ஒப்பிடும்போது ஓர் ஏமாற்று உண்டு. அடிச்சத்தம் போனதும் மொத்த ஒலியும் குறைந்திருக்கும். குறைந்த ஒலியில் எந்தக் குரலும் மெலிந்தே கேட்கும். அதனால் `Amplify` போட்டு, குரல் மூலத்தில் கேட்ட அளவுக்கு வந்த பிறகே `Solo` மாற்றி மாற்றிக் கேளுங்கள். அப்போதும் மெலிவாகத் தெரிந்தால் `Filter Curve EQ`வில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் 2 dB மட்டும் தூக்கலாம். எனக்குத் தேவைப்படவில்லை.

பதினான்கில் ஓரிடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. `View > Show Clipping` போட்டால் அங்கே சிவப்புக் கோடுகள். வீச்சு அவ்வளவு பலமாக அடித்து அலையின் தலையே சமமாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்டதில் குரலும் போய்விட்டது, எந்த ஃபில்டரும் அதைத் திருப்பித் தராது. எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று தாத்தா சொன்ன எண், சரியாக அந்த இடத்தில். போன் போட்டு மறுபடி கேட்டேன். “அதான் அன்னைக்கே சொன்னேன்ல” என்றார்.