உடம்பு எடை குறையட்டும், தூக்கும் எடை குறைய வேண்டாம்

உடம்பைக் குறைக்கணும் என்று முடிவெடுத்த வாரத்திலேயே பலர் செய்கிற முதல் வேலை, பார்பெல்லில் இருந்து பிளேட்டைக் கழற்றுவது. 60 கிலோவில் பெஞ்ச் பிரஸ் போட்டவர் 30 கிலோவுக்கு இறங்கி, 20, 25 ரெப்ஸ் என்று ஓட்டுவார். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் அரை நிமிடம்கூட ஓய்வு இருக்காது. வியர்வை கொட்டும், மூச்சு வாங்கும், கொழுப்பு கரைகிறது என்று தோன்றும். இதற்கு ‘டோனிங்’ என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு குறையும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை, தசையிலும் கை வைக்கும். தசை கனமான வேலைக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்தால்தான் அதை விட்டுவைக்கும். அந்தத் தேவையைக் காட்டுவதுதான் வெயிட் பயிற்சியின் வேலை. கலோரி எரிப்பது அதன் வேலையே அல்ல, அதில் அது பெரிய சூரனும் இல்லை. குறைந்த எடையில் தசை நிற்கவே நிற்காது என்று சொல்லவில்லை. அடுத்த ரெப் ஏறாது என்ற நிலை வரை போனால் லேசான எடையும் பலன் தரும். ஆனால் ஓய்வே இல்லாமல் ஓட்டும்போது தசை களைப்பதற்கு முன் மூச்சு முட்டிவிடுகிறது. செட்டை நிறுத்துவது நெஞ்சுத் தசையா நுரையீரலா என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

குறைக்க வேண்டியது தூக்கும் எடையை அல்ல, செட்டுகளை. சாப்பாடு குறைவாக இருக்கும் மாதங்களில் உடம்பு மீண்டு வர நேரமெடுக்கும். அதனால் ஒரு பயிற்சிக்கு நான்கு, ஐந்து செட் போட்டவர் மூன்றுக்கு, தேவைப்பட்டால் இரண்டுக்கு இறங்கலாம். பிளேட் அப்படியே இருக்கட்டும், பெரிய பயிற்சிகளில் செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் இரண்டு, மூன்று நிமிடம் ஓய்வும் இருக்கட்டும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பார்க்கலாம். வயது 35, எடை 84 கிலோ, உட்கார்ந்தே பார்க்கும் ஆபீஸ் வேலை. இரண்டு வருடமாக ஜிம் போகிறார். ஸ்குவாட் 80 கிலோவில் 6 ரெப்ஸ், பெஞ்ச் 60 கிலோவில் 8 ரெப்ஸ். குறைக்கலாம் என்று இறங்கியதும் வெயிட் பயிற்சியை லேசாக்கிவிட்டு, காலையில் 45 நிமிடம் ட்ரெட்மில்லில் வேகநடை சேர்த்தார். முதல் வாரம் இரண்டு கிலோ போனது. இதில் பெரும்பகுதி கொழுப்பு அல்ல. தசையிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் உப்பும் குறைந்தால் அந்தத் தண்ணீர் முதலில் வெளியேறும். மூன்றாவது வாரத்தில் எடை அப்படியே நின்றுவிட, ட்ரெட்மில்லை ஒரு மணி நேரமாக்கினார். ஸ்குவாட் 65 கிலோவுக்கு வந்துவிட்டது. இடுப்புச் சுற்றளவில் ஒரு சென்டிமீட்டர்கூட மாற்றமில்லை.

இவ்வளவு நடந்தும் எடை ஏன் நின்றது? பதில் அவர் கையில் கட்டியிருந்த வாட்ச்சிலேயே இருந்தது. முன்பு ட்ரெட்மில் இல்லாத காலத்தில் நாளுக்கு 6,300 ஸ்டெப்ஸ் காட்டியது. 45 நிமிடம் நடந்த நாட்களில் 7,600 காட்டியது. கூடியிருக்கிறதே என்று அவர் நினைத்தார். 45 நிமிட வேகநடையில் மட்டுமே சுமார் 5,300 ஸ்டெப்ஸ் வந்துவிடும். அதைக் கழித்தால் மீதி நாள் முழுக்க நடந்தது 2,300தான். களைத்த உடம்பு, சொல்லாமல் கொள்ளாமல் 4,000 ஸ்டெப்ஸை வெட்டிவிட்டது. லிஃப்ட் ஏறியது, டீக்கடைக்குப் போகாமல் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கி வரச் சொன்னது, ஞாயிறு மதியம் சோபாவை விட்டு எழாதது எல்லாம் இதில் அடக்கம். இது சோம்பேறித்தனம் இல்லை. சாப்பாடு குறையும்போது உடம்பு தானாகவே அசைவைக் குறைக்கும், நமக்குத் தெரிவதும் இல்லை.

அதனால் ஸ்டெப்ஸை எண்ணுவது ஏறுவதைப் பார்த்து மகிழ மட்டுமல்ல, இறங்குவதைக் கண்டுபிடிக்கவும்தான். எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எண்ணிச் சராசரி எடுங்கள். அதன்மேல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 1,500 அளவில் ஏற்றுங்கள். பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் கண்டுபிடித்த எல்லை அல்ல. 1965 வாக்கில் ஜப்பானில் விற்ற ‘மான்போ-கெய்’ என்ற நடைமானியின் பெயரோடு பரவிய எண் அது. அந்தப் பெயரின் அர்த்தமே பத்தாயிரம் அடி மீட்டர். நம்முடைய ஆசாமிக்கு 8,000 போதும். சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் மூன்று வேளை நடந்தாலே பாதிக்கு மேல் வந்துவிடும், மறுநாள் ஸ்குவாட்டுக்குக் கால் கெஞ்சாது. ட்ரெட்மில்லின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வாட்ச் சரியாக எண்ணாது, உழைப்பும் குறையும்.

கார்டியோவை எதிரியாக்க வேண்டியதில்லை, அளவுதான் சிக்கல். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹிக்சன் 1980-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான கால் பயிற்சியோடு வாரம் ஆறு நாள் கடுமையான சைக்கிளும் ஓட்டமும் சேர்த்துச் செய்தவர்களின் கால் பலம் சில வாரம் ஏறி, பிறகு தேங்கி, பத்து வாரம் முடிவதற்குள் இறங்கவே தொடங்கியது. வாரம் இரண்டு நாள் இருபது நிமிட சைக்கிள் அந்தக் கணக்கில் வராது. பேசிக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில், வெயிட் முடிந்த பிறகோ வேறு நாளிலோ வைத்துக்கொள்ளலாம். கால் பயிற்சிக்கு முன்னால் மட்டும் வேண்டாம். மெஷின் 400 கலோரி என்று காட்டுவதை நம்பி அதற்கு ஈடாகச் சாப்பிடவும் வேண்டாம். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியைப் பெரும்பாலான மெஷின்கள் அதில் சேர்த்தே சொல்கின்றன.

புரோட்டீனைப் பற்றிச் சுருக்கமாக. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் இவருக்கு ஏறக்குறைய 130 கிராம். இட்லி சாம்பார், சாதம் பொரியல், சப்பாத்தி குருமா என்று போகும் நாளில் 50 கிராம் தேறினாலே அதிகம். இரவு சாப்பாட்டை நிறுத்தி ஒரு கிண்ணம் பழத்தோடு முடித்தால் அதுவும் குறையும். மூன்று முட்டை, 150 கிராம் சிக்கன், 50 கிராம் சோயா சங்க்ஸ் சேர்ந்தால் இடைவெளி நிரம்பிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோட்டீனைக் கூட்டக் கூடாது. இன்சுலின் போடுபவர்கள் சாப்பாட்டையும் பயிற்சியையும் ஒரே நேரத்தில் மாற்றினால் சர்க்கரை திடீரென இறங்கலாம், முன்கூட்டியே டோஸைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.

நம் ஆசாமியின் திட்டம் இப்படி மாறியது. திங்கள், புதன், வெள்ளி வெயிட். ஸ்குவாட், பெஞ்ச், ரோயிங், ருமேனியன் டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், லேட் புல்டவுன், ஒவ்வொன்றும் மூன்று செட், இன்னும் ஒன்றிரண்டு ரெப் போடலாம் என்ற இடத்தில் நிறுத்தம். சாப்பாட்டில் நாளுக்கு 400, 500 கலோரி குறைவு. கார்டியோ இப்போதைக்கு இல்லை. தினமும் காலையில் எடை பார்த்து வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுகிறார், தொப்புள் மட்டத்தில் வாரம் ஒரு முறை டேப். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும்.

மூன்று வாரச் சராசரி அசையாமல், இடுப்பும் அசையாமல், ஸ்டெப்ஸும் குறையாமல் இருந்தால்தான் அந்த இரண்டு நாள் சைக்கிள் உள்ளே வரும். மாறாக எடை வேகமாக இறங்கி, எல்லாப் பயிற்சியிலும் இரண்டு வாரம் தொடர்ந்து ரெப்ஸ் விழுந்தால், முதலில் தூக்கத்தைப் பார்த்துவிட்டு, தினம் ஒரு 200 கலோரியைத் திரும்பச் சேர்ப்பார்.