916 சங்கிலி 875 காட்டியபோது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாங்கிய 20 கிராம் தங்கச் சங்கிலி, ரசீதில் 916, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு சுத்தத் தங்கம். அடகுக்கடை உரைகல்லில் சந்தேகம் வந்தது. உரைகல்லை மட்டும் நம்பி வழக்காட முடியாது; எக்ஸ்ரே கருவியில் சோதித்து எழுத்தில் அறிக்கை வாங்கினேன். பற்றுவைத்த கொக்கியில் மாற்று குறைந்துதான் காட்டும், நகை விற்ற கடைக்காரர் அதையே சாக்காகச் சொல்வார். அதனால் மூன்று வளையங்களில் பார்த்தோம்: எல்லாம் 875. ஆக, சுத்தத் தங்கம் 0.82 கிராம் குறைவு.

“உருக்கிப் பார்ப்போம்” என்றார் கடைக்காரர். மறுத்தேன், நகை சிதைந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை கைநழுவும்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பாரம் 1 நிரப்பி, 5 வெள்ளி கட்டினேன். வழக்கறிஞர் வேண்டாம், 3 ஆண்டுக்குள் போட வேண்டும். குறைந்த தங்கத்துக்கு மட்டும் ஈடு தருவதாகக் கடை இறங்கி வந்தது. கூலி சேர்த்து முழு விலை, சோதனைச் செலவு இரண்டையும் ரசீதோடு கேட்டேன், கிடைத்தது.