மேலே கருகி, அடியில் வெளுத்துப்போகும் கேக்கா?

கோத்தகிரிக் குளிரில் ஓவன் சூடாக நேரமாகிறதே என்று மேல், கீழ் இரண்டு சூடேற்றும் கம்பிகளையும் போட்டே கேரட் கேக் சுடுவேன். இருபதாவது நிமிடம் மேலே கருகிவிடும், அடி வெளுத்தே இருக்கும். சிறிய ஓவனில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதுதான் காரணம்.

இப்போது இரண்டு கம்பிகளிலும் 15 நிமிடம் சூடேற்றுகிறேன். அப்புறம் குமிழைக் கீழ்க் கம்பிக்கு மட்டும் திருப்பி, 170 டிகிரியில், கேக் டின்னைக் கீழ்த்தட்டில் வைக்கிறேன். டின் கம்பித்தட்டின் மேலேயே இருக்கட்டும். துளையில்லாத தகட்டு டிரேயில் வைத்தால் கீழ்ச்சூட்டை அது மறைத்துவிடும், மறுபடி அடி வெளுக்கும். மேலே நிறம் வராவிட்டால் கடைசி 5 நிமிடம் மட்டும் மேல் கம்பியையும் சேர்க்கலாம், பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். அடி கருகினால் தட்டை ஒரு படி உயர்த்துங்கள்.